எழுபத்தாறு

எழுதப் படிக்கப் பழகும் வகுப்புக்கு வருகிற ஒரு கிழவர் முதன்முதலாகத் தன் வயதை எழுதுகிறார். இதை வைத்து ஒரு சிறுகதை எழுதி, போன கிழமை எங்கள் ஊர் வாசிகசாலையில் வாசித்தேன். கேட்டவர்களில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பெயரை எழுத வைத்திருக்கலாமே, அதுதானே மனசைத் தொடும்?" அங்கே எனக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு முறைசாராக் கல்வி வகுப்பில் இரண்டு வருடம் படிப்பித்திருக்கிறேன். முன்பள்ளிக் கட்டடம், பின்னேரம் நாலு மணி, குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் பேரப்பிள்ளை கண்டவர்கள். கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது கையொப்பம்தான். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால், கோலம் பார்த்துப் போடுவதுபோல் போட்டுப் போட்டு, சில கிழமைகளில் பழகிவிடுவார்கள். அதே எழுத்தை வேறொரு சொல்லில் காட்டினால் பலருக்குத் தெரியாது. வயதை அப்படிப் பழக முடியாது. அடுத்த வருடமே அந்தக் கோலம் பிழைத்துவிடும்.

கதையில் வரும் அப்பு 1948இல் பிறந்தவர். கதை நடப்பது 2024இல். வாயால் கேட்டால் கணக்குப் பிசகாது. "அறுபத்திநாலு புயலுக்கு எனக்குப் பதினாறு வயது பிள்ளை, அதிலையிருந்து எண்ணிப் பாருங்கோவன்" என்பார். நெல் மூட்டைகளுக்குச் சுவரில் கரிக்கோடு போட்டே ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர். அவருடைய பழைய அடையாள அட்டை இலக்கம் 48 என்று தொடங்குகிறது. அந்த முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். 2009 கடைசிப் போரில் மாத்தளன் வரைக்கும் பொலித்தீனில் சுற்றி மடியில் கொண்டுபோன அட்டை அது. அதில் தன் வயது இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சைபரிலிருந்து ஒன்பது வரை பழகி முடிந்ததும், வயதை எழுதச் சொல்கிறாள் ரீச்சர். 7 சுகமாக வருகிறது, கொக்கத்தடிபோல ஒரே இழுவை. 6இல் வளைத்துத் திரும்பும் இடத்தில் கை இறுகிப் பென்சில் முனை உடைகிறது. மண்வெட்டி பிடித்த கைக்கு மெல்லப் பிடிப்பதுதான் கஷ்டம். கடைசியில் எழுதிவிட்டுக் கொப்பியை நீட்டுகிறார்.

706.

இந்தப் பிழையை நான் வகுப்பில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். கவனயீனம் என்று நினைத்தால் படிப்பிக்க ஏலாது. எழுபத்தாறு என்று காதில் விழுகிறது. முதலில் எழுபது, அதற்குப் பிறகு ஆறு. கேட்டபடியே எழுதுகிறார்கள். திரும்ப வாசிக்கச் சொன்னாலும் பிழை பிடிபடாது, "எழுபது, ஆறு" என்றே வாசிப்பார்கள். தொண்ணூறு இன்னும் மோசம், அதற்குள் ஒரு நூறு கேட்கிறது.

"எழுபது எழுதினனான். பிறகு ஆறு எழுதினனான். எங்கை பிழை?" என்று கேட்கிறார் அப்பு.

ரீச்சர் அழிறப்பரை எடுக்கவில்லை. ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை 706க்குப் பக்கத்தில் வைக்கிறாள். இரண்டிலும் மூன்று இலக்கம். அப்பு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறார். "ஐந்நூறையும் தாண்டிப் போட்டன் என்ன?"

அப்புறம் ஈர்க்கு. முறித்து, பத்துப் பத்தாகக் கட்டி, ஏழு கட்டும் தனியாக ஆறும் வைக்கிறாள். ஆறையும் எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமை, அதற்குத்தான் சைபர். ஆறு வந்தால் சைபர் எழும்பி இடம் விடவேணும். கதையில் இந்தப் பகுதியை நீட்டித்தான் எழுதினேன், சுருக்கச் சொன்னாலும் சுருக்க மாட்டேன். 76 என்று எழுதிவிட்டு, காய்ந்த மையைத் தொடுவதுபோல விரலால் மெல்லத் தொடுகிறார். பெயர் எழுதும் முடிவு கேட்டவர்கள் கதை இங்கே முடிந்திருக்கலாம் என்றார்கள்.

அடுத்த நாள் அவர் நேரத்தோடு வந்திருக்கிறார், ரீச்சருக்கு முன்னமே.

"பிள்ளை, பெடியன் காணாமல் போகேக்கை இருபத்தாறு. இப்ப எத்தினை எழுதுறது?"

ரீச்சருக்குப் பதில் வரவில்லை. அவர் பெட்டியைத் திறந்து, இரண்டு கட்டும் ஆறு ஈர்க்கும் எடுத்து மேசையில் வைக்கிறார். 2009இலிருந்து வருடத்துக்கு ஒன்றாக ஈர்க்கு கூட்டுகிறார். நாலாவது ஈர்க்கோடு உதிரி பத்தாகிறது, நிறுத்திக் கட்டுகிறார். பிறகு இன்னும் பத்து, இன்னொரு கட்டு. கடைசியில் ஒன்று தனியாக நிற்கிறது.

கொப்பியில், 76க்குக் கீழே, ரீச்சர் ஒன்றும் சொல்லாமலே அப்பு 41 என்று எழுதினார்.