‘நிறுவுகிறது’ என்று எப்போது எழுதலாம்?

“p பெறுமானம் 0.05 இலும் குறைந்தால் ஆய்வுக் கட்டுரையின் கலந்துரையாடல் பகுதியில் ‘நிறுவுகிறது’ என்றே எழுதலாம்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன் ஒரு திருத்தம்: அந்தப் பெறுமானம், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தென்படுவது எவ்வளவு அரிது என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைப் பற்றிப் பேச ஆய்வு வடிவமைப்பே இடம் தரவேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் வரிசையாக நாற்று நட்டவர்களுக்குக் கூடுதல் நெல் கிடைத்ததாக ஒரு வினாக்கொத்து ஆய்வு கண்டால், அவர்களுடைய வயல்கள் வாய்க்காலின் தலைப்பில் இருந்ததாலும் அது நேர்ந்திருக்கலாம். ஆகவே ‘தொடர்பு இருப்பதைச் சுட்டுகிறது’ என்பதோடு நிற்பதே நேர்மை. உங்கள் முறையியல் பகுதியை எடுத்து, எந்த வயலுக்கு எந்த முறை என்று முடிவுசெய்தவர் யார் எனப் பாருங்கள்: குலுக்கல் எனில் ‘காட்டுகிறது’ பொருந்தும், விவசாயியே எனில் பொருந்தாது. சில கிணறுகளை மட்டும் பார்த்த ஆய்வு போன்றவற்றுக்குச் ‘சுட்டுகிறது’ கூட அதிகமோ என்பது உங்கள் மேற்பார்வையாளரோடு பேசவேண்டியது.