'இனி குரூப்பில் இங்கிலீஷ் மட்டும்' என்று உத்தரவு போட்டவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை வந்த அந்த மெசேஜை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கே மறுபடியும் போடுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

"லோடு டிஸ்பாட்ச் பண்ணுங்க ஆஃப்டர் கன்ஃபர்மேஷன் அன்லோடிங் டேட் மாத்தியாச்சு."

எழுதியவர் நினைத்தது, உறுதி செய்தபிறகு அனுப்புங்கள் என்று. குடோன் பையன் 'பண்ணுங்க'வோடு வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வினை கடைசியில் வரும். இங்கிலீஷில் நிபந்தனை பின்னாலும் வரலாம். இரண்டையும் ஒரே வரியில் கலந்து, நடுவில் ஒரு புள்ளிகூட வைக்காவிட்டால், 'ஆஃப்டர்' முன்னால் போய் ஒட்டுமா பின்னால் ஒட்டுமா? எழுதியவருக்குத்தான் வெளிச்சம்.

பைப் லோடு புதன் காலை திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது. அங்கே இறக்குகிற நாள் வியாழன். இ-வே பில் செவ்வாய் போட்டது, ஒரு நாள் செல்லுபடி, அதாவது புதன் நள்ளிரவோடு சரி. முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள்தான் நீட்டிக்க முடியும். அந்த ராத்திரி போர்ட்டலில் உட்கார்ந்து நீட்டித்தது யார்? சரி, அதை விடுங்கள்.

"அப்போ எல்லாத்தையும் தூய தமிழில் எழுதணுமாக்கும்?" என்று ஒரு அண்ணாச்சி நக்கலாகக் கேட்டார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? இன்வாய்ஸ், இ-வே பில், லோடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். திரையில் Part-B என்று இருந்தால் Part-B என்றே எழுதுங்கள், வண்டி நம்பர் மாற்றுகிறவன் அதைத்தான் தேடுவான். அங்கே கலப்புதான் தெளிவு. பொருளின் பெயர் எந்த மொழியிலும் வரட்டும். யார், எப்போது, செய்யணுமா வேண்டாமா, இந்த மூன்றும் ஒரே மொழியில் வரணும். "கன்ஃபர்மேஷன் வந்தபிறகு லோடு டிஸ்பாட்ச் பண்ணுங்க. அன்லோடிங் டேட் மாத்தியாச்சு." அதே வார்த்தைகள்தான். யாருக்காவது குழப்பம் இருக்கிறதா?

"அவசரத்தில் அப்படித்தான் வரும்" என்கிறார்கள். அவசரம் எழுதுகிறவருக்கு மட்டுந்தானா? படிக்கிறவன் சாவகாசமாக இருக்கிறானா?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். அங்கேதான் நானும் படித்தேன், தமிழ் மீடியத்தில். முதல் வேலையில் என் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தார்கள். அதனால் "இங்கிலீஷ் புரியலைன்னா கேக்க வேண்டியதுதானே" என்று அந்தப் பையனிடம் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவனுக்குப் புரியாத இங்கிலீஷ் அதில் ஒன்றுமில்லை. அது இங்கிலீஷாகவே இல்லை.

இப்போது இங்கிலீஷ் மட்டும் என்று உத்தரவு. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்குள் நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே குரூப்பில் ஆறு டிரைவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் வாசித்துச் சொல்வது? ஆரல்வாய்மொழி தாண்டி, ராத்திரி பதினொரு மணிக்கு, "அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று எனக்குத்தானே போன் வரும்.