காய்த்த மரம் எனக்கும் தெரியும்

நேற்று அந்தக் குழுவில் என் மொழிபெயர்ப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். இரவெல்லாம் மனது கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அலுவலகச் சாட்டில் ஒரு பையனுக்கு ஜப்பானிய மேலாளர் எழுதியது ஒரே வரி. "தெரு குயி வா உத்தரேரு." துருத்திக்கொண்டு நிற்கிற முளைக்குச்சிதான் அடி வாங்கும் என்று பொருள். நான் அதை அப்படியே எழுதி, "தனியாக முன்னால் போகாதீர்கள், முதலில் மற்றவர்களிடம் பேசிவிடுங்கள் என்கிறார்" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு வந்த விமர்சனம்: "காய்த்த மரம் இருக்க, இந்தக் காய்ந்த வரி எதற்கு?"

காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பது எனக்கும் தெரியும். என் அப்பத்தா வாயில் தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். தெரியாமல் விடவில்லை, தெரிந்துதான் விட்டேன்.

அந்தப் பழமொழியை நாம் யாரிடம் சொல்கிறோம்? அடிபட்டு வந்து நிற்கிறவரிடம், ஆறுதலாக. தப்பு கல்லெறிகிறவன்மேல். காய்ப்பதை நிறுத்து என்று மரத்திடம் யாரும் சொல்வதில்லை. ஜப்பானிய வரிக்கு அகராதியிலேயே இரண்டு பொருள் உண்டு. திறமையால் உயர்ந்தவர்மேல் பொறாமை விழும் என்பது ஒன்று. அதற்கு நம் மரம் பொருந்தும். முந்திக்கொண்டு நடப்பவருக்குக் கண்டனம் வரும் என்பது இன்னொன்று. அங்கே மரம் நேர் எதிராகப் போய்விடும். எச்சரிக்கை பாராட்டாக மாறிவிடும்.

எந்தப் பொருள் என்பதை அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது, மேலே என்ன பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பையன் அசெம்பிளி லைனை மாற்றும் யோசனையைப் பொதுக் குழுவில் நேராகப் போட்டிருந்தார். மேலாளர், "தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் பேசியாச்சா?" என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அதற்கு அடுத்துதான் முளை வருகிறது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பதை அவர்கள் 'நெமவாஷி' என்பார்கள். அதைச் செய்துவிட்டு வா என்றுதான் அவர் சொன்னார். இந்த உரையாடல் முழுவதும் ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை, வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு நிறுவனத்தில், இதே வரிக்குக் காய்த்த மரத்தைப் போட்டேன். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த இன்ஜினியர் மேலாளருக்குக் கைகூப்பி நன்றி அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் இன்னும் முந்திக்கொண்டு பேசினார். பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நான் எச்சரித்தேனே, அவருக்குப் புரியவில்லையா?" என்று கேட்டார். அவருக்கு நன்றாகவே புரிந்தது, நான் எழுதியது புரிந்தது.

"அப்படியானால் பழமொழிக்குப் பழமொழி போடவே கூடாதா?" என்று கேட்பீர்கள். போடலாம், நானே போடுகிறேன். குரங்கும் மரத்திலிருந்து விழும் என்று அவர்கள் எழுதினால் 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பேன். கைதேர்ந்தவருக்கும் தவறும் என்ற அதே கருத்து, அதே ஆறுதல். அங்கேயும் கவனம் வேண்டும். மேலதிகாரியைக் குரங்கோடு ஒப்பிடுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு, அதனால் அவரிடம் பேர்பெற்ற எழுத்துக்கலைஞரான கோபோ தைஷி என்ற துறவிக்கும் தூரிகை தவறும் என்பார்கள். யாராவது தெரியாமல் மேலதிகாரியிடம் குரங்கைச் சொல்லிவிட்டால், நம் ஆனை அந்தப் பிழையை மறைத்துவிடும்.

இன்னொருவர், "தமிழில் வளம் இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கு என்ன சொல்வது? தமிழை விட்டுக்கொடுத்தேன் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. அது வலித்தது.

சாட் என்பது புத்தகம் இல்லை, அடுத்த நிமிடம் அதற்குப் பதில் வரும். அன்றைக்கும் வந்தது. இன்னொரு ஜப்பானியர், "அளவுக்கு மீறித் துருத்தினால் அடிக்க முடியாது" என்று எழுதினார். அது அவர்களிடம் வழக்கமான மறுமொழிதான். நான் மரத்தைப் போட்டிருந்தால் இந்தப் பதிலை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? முளையை அப்படியே வைத்து விளக்கம் சேர்த்ததால்தான் அந்தப் பையனும் சேர்ந்து சிரிக்க முடிந்தது. அன்று மாலையே அவர் தரப் பிரிவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

என் அப்பத்தா ஒரு பழமொழி சொல்லுமுன் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கும். அம்மாவிடம் சொன்னதை அத்தையிடம் சொல்லாது. சாட்டில் எனக்கு முகம் தெரிவதில்லை, மேலே இருக்கும் நாலு வரிதான் முகம். அதைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். அதற்காக என்னை வறண்டவள் என்கிறீர்கள்.

சரி, என்னைச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் மேலாளர் பெயரும் அந்தப் பையன் பெயரும் தெரிகின்றன. அதையாவது இன்றைக்குள் எடுத்துவிடுங்கள்.