‘சும்மா தோராயமா சொல்லும்மா’

லிஃப்ட் வாசலில் நிற்கும்போது, நிரல் எழுதிப் பிழைக்கும் என்னிடம் யாரும் இனி வேலைக்கு நாள் கணக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். காரணம், சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கையில் காபிக் குவளையோடு நின்றிருந்த என்னை எங்கள் மேலாளர் நிறுத்தி, “இன்வாய்ஸ்ல டெலிவரி முகவரின்னு ஒரு கட்டம் சேர்க்கணும், எத்தனை நாள் ஆகும்? சும்மா தோராயமா சொல்லும்மா” என்று கேட்டார். நானும் யோசிக்காமல், “ரெண்டு நாள் ஆகும் சார்” என்றேன். நான் என் இருக்கைக்குப் போய்ச் சேருவதற்குள், புதன்கிழமை மாலை வேலை முடிந்துவிடும் என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போய்விட்டது. தோராயம் என்ற சொல் லிஃப்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் என்ற எண் மட்டும் மேலே ஏறிக் கெடுவாகிவிட்டது.

நான் சொன்ன இரண்டு நாளில் என் தவறும் உண்டு, மறைக்கவில்லை. அந்த வேலைக்குப் பதினாறு மணி நேர உழைப்பு தேவை என்பதே என் மனக்கணக்கு. தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை, திரையில் ஒரு கட்டம், அச்சாகும் படிவத்தில் ஓர் இடம், அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பதினாறை எட்டால் வகுத்து இரண்டு நாள் என்று சொன்னேன். ஆனால் எட்டு மணி நேரமும் என் வேலையை மட்டும் செய்யும் நாள் ஒன்று அலுவலகத்தில் எப்போதாவது இருந்திருக்கிறதா? அதற்கு முந்தைய மூன்று வாரங்கள் நான் குறித்து வைத்த கணக்குப்படி, கூட்டங்கள், அவசரமாக வரும் புகார்கள், பக்கத்து இருக்கையின் சந்தேகங்கள் எல்லாம் போக, ஒரு நாளில் எனக்கு மிஞ்சுவது சராசரியாக நாலரை மணி நேரம். அந்தக் கூட்டங்களில் பாதியைக் கூட்டுபவரே நம் மேலாளர்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆக, எந்தத் தடங்கலும் இல்லாமல் போனாலும் அந்தப் பதினாறு மணி நேரம் வியாழன் நண்பகலில்தான் முடியும். உழைப்பு மணியும் நாட்காட்டி நாளும் ஒன்றல்ல என்ற இந்தச் சாதாரணக் கணக்கைக்கூட, கெடு குறிக்கும்போது எங்கள் அலுவலகத்தில் யாரும் போடுவதில்லை.

தடங்கல் இல்லாமலா போனது? செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு கேள்வி முளைத்தது. விற்பவரும் வாங்குபவரும் தமிழ்நாட்டில் இருந்து, பொருள் மட்டும் பெங்களூருக்குப் போனால் எந்த வரி? ஒரே மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி. பெங்களூரில் பொருளைப் பெறுவது வாங்குபவரின் சொந்தக் கிடங்கா, அவர் அனுப்பச் சொன்ன மூன்றாம் ஆளா என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும். முகவரிக் கட்டம் என்று கேட்டது உண்மையில் வரிக் கணக்கின் கதவைத் தட்டிய வேலை. இதை நானாக ஊகித்துச் செய்ய முடியாது. வாடிக்கையாளரின் கணக்காளர்தான் சொல்ல வேண்டும். அவர் பதில் வியாழன் மாலை வந்தது. வெள்ளியன்று வரிப் பகுதியைத் திருத்தினேன். நிரலைச் சரிபார்க்க வேண்டிய மூத்தவருக்குத் திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்தது. செவ்வாயும் புதனும் சோதனை. நான்கு வரி முகவரி வந்தால் மொத்தத் தொகை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். முடிந்த மாற்றங்களை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் எங்கள் வெளியீடுகள் செவ்வாய், வியாழன் மாலைகளில் மட்டுமே நடக்கும். ஆகவே வியாழன். ஒன்பது வேலை நாட்கள். என் உழைப்பு மொத்தம் இருபத்தேழு மணி நேரம்தான். மீதியெல்லாம் யாருக்காகவோ காத்திருந்த நேரம். அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: “ரெண்டு நாள்னு நீங்கதானே சொன்னீங்க?”

சரி, பாடம் படித்தேன் என்று அடுத்த வேலைக்கு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து ஒன்பது நாள் என்றேன். மேலாளர் சிரித்துவிட்டு, “ஆறுல முடிச்சிருவீங்க” என்றார். இது என்ன கத்திரிக்காய் வியாபாரமா? கிலோவுக்கு அறுபது என்றால் நாற்பதுக்குக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் கடைக்காரர் லாபத்தில் விட்டுக்கொடுக்க முடியும். சோதனைக்கு இரண்டு நாள் என்று நான் சொன்னால், அதில் எதை விட்டுக்கொடுப்பது? ஒன்பதிலிருந்து எந்த வேலையைக் கழித்து ஆறு என்கிறார் என்று கேட்டேன். பதில் இல்லை. இப்படி வெட்டுவார் என்று தெரிந்து என் சக ஊழியர்கள் முன்கூட்டியே இரட்டிப்பாகச் சொல்கிறார்கள். அவர்கள் இரட்டிப்பாகச் சொல்வார்கள் என்று தெரிந்து அவர் பாதியாக வெட்டுகிறார். கடைசியில் மேசையில் இருக்கும் எண்ணுக்கும் வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“மோசமான நிலைமையையும் யோசிச்சுச் சொல்லுங்க” என்று ஒருமுறை அறிவுரை கிடைத்தது. அது போதாது என்பதற்கு 1994-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு உண்டு. இறுதியாண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு என்றபோது சுமார் 49 என்றார்கள். உண்மையில் ஆனது ஏறத்தாழ 55 நாட்கள். கெட்டதைக் கற்பனை செய்வதிலும் நாம் கருமிகள்தான். அதனால் கற்பனையை விட்டுவிட்டு, நான் ஒரு விரிதாளில் பழைய வேலைகளை எழுதி வைத்தேன்: சொன்ன நாள், ஆன நாள். பன்னிரண்டு வேலைகளில் சொன்னபடி முடிந்தவை இரண்டு. பெரும்பாலானவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்று நான்கு மடங்கு. இப்போது நான் ஒற்றை எண் சொல்வதில்லை. ஐந்து நாளில் முடிய வாய்ப்பு உண்டு, எட்டு நாள் என்றால் ஏறக்குறைய உறுதி, வாடிக்கையாளருக்கு எட்டைச் சொல்லுங்கள் என்று எழுத்தில் தருகிறேன். தேதி மாறவே மாறாது என்றால் வேலையைக் குறைப்போம் என்கிறேன். அந்த முகவரிக் கட்டத்தையே முதல் செவ்வாயன்று அப்படிப் பிரித்துப் பேசியிருக்கலாம்: மாநிலத்துக்குள் போகும் புதிய இன்வாய்ஸ்களுக்கு மட்டும் முதலில், வெளிமாநிலம் அடுத்த வெளியீட்டில். கணக்காளரின் பதிலுக்காக எதுவும் காத்திருந்திருக்காது. கொஞ்சம் முன்பாகவே வாடிக்கையாளர் பாதியைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பார். தாமதமாகப் போகிறது என்று தெரிந்த அந்த மதியமே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விடாமல் என்னைத் தடுத்தது ‘ரெண்டு நாள்’ என்ற என் வாயேதான்.

நேற்று மறுபடியும் அதே லிஃப்ட் வாசல். புதிய அறிக்கை ஒன்று வேண்டுமாம், எத்தனை நாள் ஆகும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, “இப்போது சொல்ல முடியாது சார். வேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாளைக் காலை பதினொரு மணிக்குச் சொல்கிறேன்” என்றேன். மிகவும் நல்லது என்று தலையாட்டினார். இன்று காலை வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: அறிக்கை பதினொரு மணிக்குத் தயார் என்றீர்களே, எங்கே?