வரிசை வந்தது என்பதும் வரிசை உண்டு என்பதும் ஒன்றல்ல

ஜாவாவின் ஹேஷ்மேப் பற்றி நேற்று இங்கே நடந்த வாக்குவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. "லிங்க்டு ஹேஷ்மேப் இருந்த இடத்தில் எல்லாம் ஹேஷ்மேப் போட்டுவிட்டேன், எதுவும் உடையவில்லை, வேகம் மிச்சம்" என்று ஒருவர் எழுதினார். லிங்க்டு ஹேஷ்மேப் சாவிகளைச் சேர்த்த வரிசையிலேயே தரும், ஹேஷ்மேப்பில் அந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லையே என்று ஒரே வரி கேட்டேன். பதிலாக வந்தது ஒரு திரைப்பதிவு: 101 முதல் 110 வரை பத்துச் சாவிகள், ஏறுவரிசையில், அழகாக. "ஓட்டிப் பாருங்கள் சார், புத்தகத்தை மூடுங்கள்" என்று ஓர் அறிவுரையும் சேர்ந்து வந்தது. அதற்கு விழுந்த விருப்பக்குறிகளைப் பார்த்தபோதுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

சரி, ஓட்டியே பார்ப்போம். அவர் பத்தில் நிறுத்திக்கொண்டார். நான் இன்னும் இரண்டு சாவிகள் சேர்க்கிறேன்.

```java
Map<Integer, String> m = new HashMap<>();
for (int i = 101; i <= 112; i++) m.put(i, "");
System.out.println(m.keySet());
```

முதலில் அச்சாவது 112. அதன் பிறகுதான் 101, 102 என்று 111 வரை வரும். கடைசியாகச் சேர்ந்தவர் முதல் ஆளாக நிற்கிறார்.

காரணத்தில் மாயம் எதுவும் இல்லை. ஹேஷ்மேப் சாதாரணமாக 16 அறைகளோடு தொடங்குகிறது. முழு எண் சாவிக்கு ஹேஷ் மதிப்பு அந்த எண்ணேதான். சிறிய எண்களைப் பொறுத்தவரை, அதை 16-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அறை எண். 101-க்கு மீதி 5, 102-க்கு 6, இப்படியே 111-க்கு 15. 112 மீதியின்றி வகுபடுவதால் பூச்சிய அறைக்குப் போகிறது. அச்சிடும்போது அறைகள் பூச்சியத்திலிருந்து நடந்து வாசிக்கப்படுகின்றன. அவர் திரைப்பதிவில் கண்ட ஏறுவரிசை, மீதிகள் தற்செயலாக ஏறிக்கொண்டே போனதன் விளைவு. அதை ஹேஷ்மேப் தரவில்லை, அவர் தேர்ந்தெடுத்த எண்கள் தந்தன.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. 113-ஐயும் சேருங்கள். அறைகளில் முக்கால் பங்கு அளவை, அதாவது 12 பதிவுகளை, எண்ணிக்கை தாண்டியவுடன் அட்டவணை 32 அறைகளாக விரிகிறது. இப்போது 101 ஐந்தாம் அறை, 112 பதினாறாம் அறை, 113 பதினேழாம் அறை. எல்லாம் மறுபடி ஒழுங்கு! பன்னிரண்டு சாவிகளில் தெரிந்த பிழை பதின்மூன்றாவதில் மறைந்துவிடுகிறது. அப்படியே சேர்த்துக்கொண்டே போனால் 128 வரும்போது மீண்டும் குழம்பும், ஏனென்றால் அதற்குள் அட்டவணை 64 அறைகளாகிவிட்டிருக்கும், 128 அதில் மீதியின்றி வகுபடும். இப்படித் தோன்றி மறையும் பிழையைச் சோதனையில் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

வரிசை வந்தது என்பதற்கும் வரிசை உண்டு என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நேற்று முழுக்க இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன்.

"எண்களை விடுங்கள், நாங்கள் பயன்படுத்துவது சரங்களை" என்று ஒருவர் சொல்வார், தெரியும். சரங்களில் ஏமாற்றம் இன்னும் ஆழமானது. ஒரே சாவிகளை ஒரே முறையில் சேர்த்தால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதே குழப்பம் அதே அச்சாக வருகிறது. மாறாமல் வருவதால் அதையே விதி என்று நினைத்துக்கொள்கிறோம். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஜாவா 7-இலிருந்து 8-க்கு மாறினோம். 8-இல் ஹேஷ்மேப்பின் உள்ளே ஹேஷைக் கலக்கும் முறை மாறியிருந்தது. நிரலில் ஒரு வரிகூடத் தொடாத சோதனைகள் வரிசையாகச் சிவப்பாயின. ஏற்றுமதிக் கோப்பில் பெயர் இருக்க வேண்டிய பத்தியில் தொகை உட்கார்ந்திருந்தது. ஜாவா உடைந்துவிட்டது என்று கூட்டத்தில் ஒருவர் குரல் உயர்த்தினார். ஜாவா எதையும் உடைக்கவில்லை. இந்த வரிசை காலப்போக்கில் மாறாது என்றுகூட உறுதி இல்லை என்று ஹேஷ்மேப்பின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை நான் சத்தமாக வாசித்துக் காட்டியதற்குக் கிடைத்த பெயர் 'ஆவணக்காரர்'. போகட்டும்.

ஜாவா 9-இல் வந்த `Map.of` இந்த மயக்கத்துக்கு இடமே தரவில்லை. நிரலை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதன் வரிசை மாறக்கூடும்; வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். யாரும் தற்செயலை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி 'வேகம்'. லிங்க்டு ஹேஷ்மேப் மெதுவானது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? அது ஹேஷ்மேப்பின் பிள்ளை. அதே அறைகள், அதே தேடல், சேர்ப்பதும் எடுப்பதும் நீக்குவதும் சராசரியில் அதே O(1). கூடுதலாக ஒவ்வொரு பதிவும் தனக்கு முன்னால் வந்தவரையும் பின்னால் வந்தவரையும் நினைவில் வைத்திருக்கிறது. சேர்க்கும்போதும் நீக்கும்போதும் இரண்டொரு சுட்டிகளைத் திருத்துவதுதான் அதிகப்படி வேலை. எல்லாவற்றையும் வரிசையாக வாசிக்கும் வேலையிலோ அது முந்தவே செய்யலாம். ஹேஷ்மேப் காலி அறைகளையும் சேர்த்துத்தான் நடக்கிறது; லிங்க்டு ஹேஷ்மேப் இருக்கும் பதிவுகளை மட்டும் தொடுகிறது. பத்து லட்சம் பதிவுகளைச் சேர்த்துவிட்டு, பத்தை மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள். ஹேஷ்மேப் சுருங்குவதில்லை. அந்தப் பத்தை வாசிக்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகளைத் தட்டிப் பார்க்கும்.

"அப்படியானால் எங்கும் ட்ரீமேப் போடச் சொல்கிறீர்களா?" இல்லை, சொல்லவில்லை, நேற்றும் சொல்லவில்லை. ட்ரீமேப் சாவிகளின் மதிப்பை வைத்து அடுக்குகிறது, வந்த வரிசையை மறந்துவிடுகிறது. விலை O(log n): பத்து லட்சம் சாவிகளில் ஒன்றைத் தேடச் சுமார் இருபது ஒப்பீடுகள், சிவப்பு-கறுப்பு மரம் என்பதால் மிக மோசமான நிலையிலும் நாற்பதுக்குள் முடியும். "இந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் அடுத்த சாவி எது" என்று `floorKey`, `lowerKey` மூலம் கேட்க வேண்டியிருந்தால் அந்த விலை மிக மலிவு. ஹேஷ்மேப்பிடம் அதைக் கேட்டால் முழுவதையும் புரட்ட வேண்டியதுதான். கடைசியில் ஒரே ஒருமுறை அடுக்கி அச்சிட்டால் போதும் என்றால் ட்ரீமேப் தேவையில்லை, ஹேஷ்மேப்பில் சேர்த்துவிட்டுச் சாவிகளை அடுக்கிக்கொள்ளலாம். இதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. வரிசையே தேவையில்லாத இடத்தில் ஹேஷ்மேப்பைத்தான் நானும் போடுகிறேன்.

என் சண்டை, வரிசை தேவைப்படும் இடத்தில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேகம் என்று பெயர் வைப்பதோடுதான். O(1), O(log n) அட்டவணையை நேர்காணலுக்காக மனப்பாடம் செய்கிறோம். அதில் வரிசைக்கென்று இருக்கும் பத்தியை மட்டும் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் படிப்பதில்லை. படித்தவன் வாயைத் திறந்தால் "புத்தகத்தை மூடுங்கள்". நானும் இருபது பேர் முன்னால் சிரித்துக்கொண்டே மூட வேண்டுமாம்.

கடைசியாக நினைவகம் என்று ஒரு வாதம் வந்தது. மதிப்போம். வழக்கமான 64 பிட் அமைப்பில் லிங்க்டு ஹேஷ்மேப்பின் ஒவ்வொரு பதிவும் 8 பைட் அதிகம் எடுக்கும். கோடிக்கணக்கான பதிவுகள் என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்தான். நான் சேர்த்த இரண்டையும் கூட்டினாலும் அவருடைய அட்டவணையில் இருப்பவை பன்னிரண்டு. ஆக மிச்சம் 96 பைட். UTF-8 குறிமுறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும்; அந்த மிச்சத்தைப் பற்றிப் பெருமையாக அவர் எழுதிய முதல் வாக்கியமே அதைவிடப் பெரியது.