பதினான்கு நாள் மட்டும் போதாது

“பொதுப் பயன்பாட்டுப் பணியில் மார்ச் 1-இல் அறிவிப்புக் கொடுத்து மார்ச் 20-இல் வேலைநிறுத்தம் செய்தால், 14 நாள் கடந்துவிட்டதால் அது சட்டபூர்வமானதுதானே?”

இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, அந்த அறிவிப்பு சமரச அலுவலருக்குக் கிடைக்கும் நாளிலேயே சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கருதப்பட்டது. அது நடக்கும்போதும், முடிந்த பின் ஏழு நாள்களுக்கும் வேலைநிறுத்தம் கூடாது என்றது அதன் 22-ஆம் பிரிவு. வினாவில் சமரசம் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால்தான் பலர் இங்கே தவறினார்கள். சமரசம் தோற்றதென்று அலுவலர் அனுப்பும் முறிவறிக்கை மார்ச் 18-இல் அரசுக்குக் கிடைத்து, அத்துடன் நடவடிக்கை முடிந்ததென்று கொண்டால், 25-ஆம் தேதி முடியும்வரை தடை நீடிக்கும். ஆகவே அச்சட்டப்படி 20-ஆம் தேதி வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது. அதன் விளைவாக நிர்வாகம் மறுநாள் அறிவிக்கும் கதவடைப்போ, அதே சட்டத்தின் 24(3)-ஆம் பிரிவின்படி சட்டவிரோதமாகாது. வேலைநிறுத்தம் சட்டபூர்வமாக இருந்திருந்தால் நிர்வாகத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது.