கோணிக்கொண்ட கழுத்தை யாரும் திருக வேண்டாம்

ராத்திரி நன்றாகத்தான் படுத்திருப்போம். காலையில் கண் விழித்தால் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடித்துக்கொண்டு, திரும்பவே மாட்டேன் என்கிறது. "ஒரே ஒரு திருகு, நெட்டி விழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்ல வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார். பிசியோதெரபி பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு திருகை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

போன மாதம் அக்கா மகள் இப்படித்தான் வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், வயது இருபது. வலி வலது பக்கம், தலை சாய்ந்திருந்தது இடது பக்கம். "மாமா, எலும்பு விலகிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. எலும்பு எதுவும் விலகவில்லை. அடிபடாமல், தூங்கி எழுந்ததும் வருகிற பிடிப்பில் அப்படி நடப்பதில்லை.

கழுத்தெலும்புகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று உறுத்தலுக்கு உள்ளாகிவிடுகிறது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். கழுத்து நெடுநேரம் ஒரே கோணத்தில் கிடந்திருக்கலாம், சில சமயம் காரணமே பிடிபடாது. மூட்டு வலித்ததும் சுற்றியுள்ள தசைகள் அதை அசையவிடாமல் இறுகிக்கொள்கின்றன. தோள்பட்டை எலும்பின் உள்மூலையிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசையை அவளுக்குத் தொட்டுப் பார்த்தேன், கயிறு மாதிரி விறைத்திருந்தது. தலை எதிர்ப்பக்கம் சாய்வதும் அதனால்தான். அப்படிச் சாய்ந்தால் வலிக்கிற மூட்டின் மேல் அழுத்தம் குறைகிறது. ஆக, கோணல் என்பது உடம்பு தானே போட்டுக்கொண்ட கட்டு. அதை வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் தசை இன்னும் இறுகத்தான் செய்யும்.

உறுத்தல் தணியத் தணிய, தசைக்குக் காவல் நிற்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. முதல் ஓரிரு நாள் வலி உச்சத்தில் இருக்கும். அப்புறம் வலியில்லாத பக்கம் திரும்புவது முதலில் எளிதாகும், வலிக்கிற பக்கம் கடைசியில். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு இரண்டு வாரம் இழுக்கும். மூன்றாம் நாள் யார் கை வைத்தாலும் "அவர் தொட்டதும் விட்டது" என்று பெயர் கிடைப்பதன் ரகசியம் இதுதான். எங்கள் தொழிலில் இருப்பவர்களும் அந்தப் பெயரை வேண்டாம் என்று சொல்வதில்லை!

அவளுக்குச் சொன்னது கொஞ்சம்தான். மல்லாந்து படுத்து, தலையணை தலையைத் தாங்க, வலி தொடங்கும் இடம் வரைக்கும் மெதுவாக இரண்டு பக்கமும் உருட்டு. ஐந்தாறு தடவை போதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய். துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் பதினைந்து நிமிடம் வை. எழும்போது ஒருக்களித்து, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு எழு. வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். திரும்பிப் பார்க்க முடிகிறவரை வண்டி ஓட்டாதே. கழுத்துப் பட்டை வேண்டுமா என்றாள். நாள் முழுக்கப் போட்டால் அசைவு திரும்புவது தாமதமாகும் என்பதால் வேண்டாம் என்றேன்.

யாரோ சொன்னார்கள் என்று எக்ஸ்ரேயும் எடுத்து வைத்திருந்தாள். கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது என்று அறிக்கையில் இருந்ததைப் பார்த்து அக்கா கலங்கிப்போனாள். தசை இறுகி இழுத்தாலே அப்படித் தெரியும். இந்த மாதிரிப் பிடிப்புக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவையே இல்லை.

திருக வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் தானாகவே விடுகிற ஒன்றுக்காக அந்த அபாயம் எதற்கு?

எல்லாக் கழுத்துப் பிடிப்பும் இந்த ரகம் இல்லை. காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து, முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் உடனே மருத்துவமனை. அடிபட்ட பிறகு வந்தாலோ, கை மரத்துப் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அப்படித்தான். தொண்டை வலியோடு குழந்தைக்குக் கழுத்து கோணினாலும் காத்திருக்கக் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று, வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு போன்ற சில மருந்துகளும் கழுத்தை முறுக்கிவிடும். கூடவே கண் மேலே செருகும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். அதற்கு மாற்று ஊசி இருக்கிறது, போட்டால் சீக்கிரமே விட்டுவிடும். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.